பெரிய வீடியோவை வாட்ஸ்அப்பில் தரம் குறையாமல் அனுப்புவது எப்படி?

பாட்டிக்கு 88 வயது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்காரவைத்து, போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய கதைகளைச் சொல்லச் சொன்னேன். 23 நிமிடம் பேசினாள். கல்யாணமாகி வந்த நாள், முதல் பிரசவம், கிணற்றடி நிலம் யாருக்குப் போயிருக்க வேண்டும், கடைசியில் யார் எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்பது வரை எல்லாம் வந்தது. குடும்பத்துக்கு வெளியே யாரும் கேட்கக் கூடாத பேச்சும் அதில் உண்டு.

டொராண்டோவில் இருக்கும் அத்தை அதைப் பார்க்கத் துடித்தாள். முழு வீடியோ பெரிது என்பதால் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி, கேலரியிலிருந்து ஷேர் பட்டனை அழுத்தி அனுப்பினேன். அன்று இரவே போன் வந்தது. "குரல் நல்லாக் கேக்குதுடா. ஆனா அம்மா முகம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கே. வேற கேமராவுல எடுத்தியா?" என்றாள். அதே வீடியோ என் போனில் பாட்டியின் கன்னச் சுருக்கம், காதில் தொங்கும் பாம்படம், சேலைக் கரையின் கட்டம் எல்லாம் தெரிய அழகாக ஓடியது. அத்தைக்குப் போனதில் சேலைக் கட்டமே இல்லை, ஒரே பச்சை. பாட்டி தலையை அசைக்கும்போதெல்லாம் முகம் சதுரம் சதுரமாக உடைந்து மறுபடி சேர்ந்தது. என்னிடம் இருந்த மூன்று நிமிடத் துண்டு சுமார் 380 எம்பி. அத்தை கையில் இருந்தது 15 எம்பி.

நான் தேர்ந்தெடுத்த வழி தப்பு. அதே ஆப்பிலேயே, அதே இரண்டு பேருக்குள்ளேயே, ஒரு புள்ளிகூடக் குறையாமல் அனுப்ப வழி இருந்தது. அது என்ன, ஏன் அப்படி வேலை செய்கிறது, கோப்பு அளவு வரம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்று இங்கே சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது வாட்ஸ்அப் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

380 எப்படி 15 ஆனது

வீடியோவின் எடையைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: எத்தனை விநாடி ஓடுகிறது, ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு செலவாகிறது. இரண்டாவதற்குப் பெயர் பிட்ரேட். குழாயில் ஓடும் தண்ணீரின் வேகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தொட்டியில் எவ்வளவு நிறையும் என்று தெரிந்துவிடும். பிட்ரேட்டை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் கடைசியில் எட்டால் வகுக்க வேண்டும்.

என் ஆண்ட்ராய்டு போன் 1080 தரத்தில், விநாடிக்கு 30 படம் வீதம் எடுக்கும்போது ஏறக்குறைய 17 மெகாபிட் செலவழிக்கிறது. மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. 17 பெருக்கல் 180, வகுத்தல் 8. விடை 380ஐ ஒட்டி வருகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். 15 எம்பிக்குள் 180 விநாடியை அடைக்க வேண்டுமானால் விநாடிக்கு முக்கால் மெகாபிட்கூடக் கிடைக்காது. இருபத்தைந்து குடம் தண்ணீர் கேட்ட வயலுக்கு ஒரு குடம் ஊற்றியது போலத்தான். ஆப் என்ன செய்யும்? படத்தின் நீள அகலத்தைக் குறைக்கும், நுணுக்கமான கோடுகளை அழிக்கும், அசைவு வரும் இடத்தில் சதுரங்களாகத் தோராயமாக வரையும். சேலைக் கட்டம் போனதும் முகம் உடைந்ததும் இப்படித்தான்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவதற்குப் பல ஆண்டுகள் 16 எம்பிதான் வரம்பாக இருந்தது. 2023இல் ஹெச்டி என்ற தேர்வு வந்தது. அனுப்புவதற்கு முன் திரையின் மேலே ஹெச்டி என்று ஒரு பொத்தான் தெரியும், அதுதான். வழக்கமான தேர்வைவிட அது நிச்சயம் மேல். ஆனால் பலர் அதை "அசல் தரம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஹெச்டியிலும் வீடியோ மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகிறது, கொஞ்சம் தாராளமாகச் சுருக்கப்படுகிறது, அவ்வளவே. குழந்தை தவழ்வதை மாமாவுக்கு அனுப்ப அது போதும். பாட்டியின் பேச்சை நாளை என் மகளும் பார்க்க வேண்டும் என்றால் போதாது.

சுருக்குவது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும். வாட்ஸ்அப்பின் சர்வர் சுருக்குகிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். சர்வரால் அதைச் செய்யவே முடியாது. ஏனென்றால் சர்வருக்கு உங்கள் வீடியோ கண்ணில் படுவதே இல்லை.

நீங்கள் அனுப்பு பொத்தானை அழுத்தியதும் உங்கள் போன் புத்தம் புதிதாக ஒரு சாவியை உருவாக்குகிறது. அந்தச் சாவியால் கோப்பு முழுவதையும் பூட்டுகிறது. பூட்டிய பெட்டி மட்டும் சர்வருக்குப் போகிறது. சாவியும், பெட்டி எங்கே இருக்கிறது என்ற குறிப்பும், பெட்டியின் கைரேகை போன்ற ஒரு எண்ணும் தனியாக ஒரு செய்திக்குள் வைத்து அத்தையின் போனுக்குப் போகின்றன. அந்தச் செய்தியும் பூட்டியதுதான், அத்தையின் போனால் மட்டுமே அதைத் திறக்க முடியும். அத்தையின் போன் பெட்டியை இறக்கி, கைரேகை பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகு திறக்கிறது. நடுவில் யாராவது ஒரு பைட்டை மாற்றியிருந்தாலும் கைரேகை பொருந்தாது, போன் ஏற்காது. எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் சுருக்குவது எங்கே நடந்திருக்க வேண்டும்? பூட்டுவதற்கு முன்னால், உங்கள் போனிலேயே. ஆப் உங்கள் கோப்பைக் கையில் வாங்கியதும், "இது வீடியோ" என்று முடிவு செய்தால் சுருக்குகிறது. "இது ஏதோ ஒரு கோப்பு" என்று முடிவு செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அப்படியே பூட்டி அனுப்புகிறது. முதல் வாசல் கேலரி, இரண்டாவது வாசல் டாக்குமென்ட். நாம் எந்த வாசலில் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு வாசலிலும் பூட்டு ஒன்றேதான். டாக்குமென்ட்டாக அனுப்பினால் பாதுகாப்பு குறையுமோ என்ற பயம் வேண்டாம்.

செய்முறை எளிது. அத்தையின் சாட்டைத் திறந்து, எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊக்குப் படத்தை (ஐபோனில் பிளஸ் குறியை) தொடுங்கள். வரும் படங்களில் கேலரியைத் தொடாமல் டாக்குமென்ட்டைத் தொடுங்கள். அங்கிருந்து கோப்புகளைத் தேடி வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். கேமராவில் எடுத்தவை ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் DCIM என்ற ஃபோல்டருக்குள் Camera என்பதில் இருக்கும். ஐபோனில் வீடியோக்கள் போட்டோஸ் ஆப்புக்குள் இருப்பதால், முதலில் ஷேர் வழியாக "சேவ் டு ஃபைல்ஸ்" கொடுத்து ஃபைல்ஸ் ஆப்புக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு டாக்குமென்ட் வழியாக எடுப்பது குழப்பமில்லாத வழி.

அனுப்புவதற்கு முன் திரையைப் பாருங்கள். சரியான வாசலில் போயிருந்தால் கோப்பின் பெயரும் அளவும் தெரியும். பெரிதாக வீடியோ முன்தோற்றமும், அதை வெட்டுவதற்கான பட்டையும், ஹெச்டி பொத்தானும் வந்தால் தவறான வாசல். அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். கேலரி ஆப்பிலிருந்து ஷேர் கொடுத்தால் அநேகமாக இந்தத் தவறான வாசலுக்குத்தான் கொண்டுபோய் விடும். நான் விழுந்ததும் அங்கேதான். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்து வீடியோவை மவுஸால் இழுத்துப் போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இழுத்துப் போடாமல், பிளஸ் குறியை அழுத்தி டாக்குமென்ட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இரண்டு ஜிபி என்ற வேலி

டாக்குமென்ட் வாசலுக்கும் ஒரு வரம்பு உண்டு. முன்பு 100 எம்பியாக இருந்ததை 2022இல் 2 ஜிபியாக உயர்த்தினார்கள். என் போனின் 17 மெகாபிட் கணக்கில் 2 ஜிபி என்பது ஏறக்குறைய 15 நிமிட வீடியோ. 4கே தரத்தில் எடுத்திருந்தால் அதைவிட மிகக் குறைவான நேரத்திலேயே வேலியை முட்டிவிடுவோம். பாட்டி பேசியது 23 நிமிடம், கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரே கோப்பாகப் போகாது.

இந்த இடத்தில் பலர் முதலில் செய்வது ஜிப் போட்டுப் பார்ப்பது. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் 3 ஜிபி அப்படியே 3 ஜிபியாக இருக்கும். ஜிப் என்பது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துச் சுருக்கும் வித்தை. வீடியோ கோப்பில் அந்த வேலையைக் கேமரா ஏற்கனவே செய்து முடித்திருக்கிறது. பிழிந்த துணியை மறுபடி பிழிவது போலத்தான், சொட்டுத் தண்ணீர் வராது.

சரியான வழி, வீடியோவைத் துண்டாக்குவது. ஆனால் துண்டாக்குவதிலும் இரண்டு வகை உண்டு. வீடியோவைத் திறந்து, வெட்டி, மறுபடி புதிதாக எழுதுவது ஒரு வகை. போனில் இருக்கும் பல எடிட்டர்கள் இப்படித்தான் செய்கின்றன. அதில் தரம் போய்விடும், எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே நடக்கும். இன்னொரு வகை, உள்ளே இருக்கும் தரவைத் தொடாமல், புத்தகத்தைத் தையலில் பிரிப்பது போல இரண்டாகப் பிரிப்பது. நமக்கு வேண்டியது இதுதான். போன் எடிட்டர் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. வீடியோவைச் சரிபாதி நேரத்துக்கு வெட்டிப் பாருங்கள். கோப்பும் ஏறக்குறையப் பாதி எடையில் இருந்து, வேலை சில விநாடிகளில் முடிந்திருந்தால் தரவைத் தொடவில்லை என்று நம்பலாம். வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு எடை ஏறுமாறாக வந்தால் அது புதிதாக எழுதியிருக்கிறது.

கம்ப்யூட்டர் இருந்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் இந்த ஒரே காரியத்துக்காகத்தான் இருக்கிறது. வீடியோவை அதில் போட்டு, எங்கே பிரிக்க வேண்டும் என்று குறித்து, எக்ஸ்போர்ட் கொடுத்தால் முடிந்தது. அதன் உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற பழைய, நம்பகமான கருவி. கட்டளை தட்டத் தயங்காதவர்கள் அதையே நேராகப் பயன்படுத்தலாம். நான் தட்டியது இது:

```
ffmpeg -i patti.mp4 -c copy -f segment -segment_time 720 -reset_timestamps 1 patti_%02d.mp4
```

இதில் உயிர்நாடி `-c copy` என்ற பகுதி. "எதையும் புதிதாக எழுதாதே, இருப்பதை அப்படியே நகலெடு" என்று பொருள். 720 என்பது விநாடி, அதாவது 12 நிமிடத்துக்கு ஒரு துண்டு. `-reset_timestamps 1` போடாவிட்டால் இரண்டாம் துண்டின் கடிகாரம் 12ஆவது நிமிடத்திலிருந்து ஆரம்பித்து, சில பிளேயர்கள் தடுமாறும். கட்டளை ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, patti_00.mp4, patti_01.mp4 என்று இரண்டு கோப்பு கிடைத்தது. இரண்டும் ஒன்றரை ஜிபியை ஒட்டி இருந்தன. வேலிக்கு நன்றாக உள்ளே.

முதல் துண்டு மிகச் சரியாக 12:00க்கு முடியவில்லை, ஒரு விநாடி போலத் தள்ளி முடிந்தது. இது பிழை இல்லை. வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுதாக எழுதப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு "முந்தியதிலிருந்து என்ன மாறியது" என்ற குறிப்புகள் மட்டும். முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் புதிய துண்டைத் தொடங்க முடியும், இல்லாவிட்டால் குறிப்புகளுக்கு ஆதாரமே இருக்காது. அதனால் கருவி அடுத்த முழுப் படம் வரும் வரை பொறுத்திருந்து பிரிக்கிறது. எதுவும் தொலைவதில்லை, இங்கே விட்டது அங்கே தொடங்கும்.

துண்டாக்க இன்னொரு வழி 7-ஜிப் போன்ற மென்பொருளில் பாகம் பாகமாகப் பிரிப்பது. அதில் கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் மறுபடி ஒன்று சேரும் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பாகமும் வந்து சேர்ந்து, அத்தை அதை ஒரு ஆப்பில் பிரித்தால்தான் வீடியோவே தெரியும். 62 வயது அத்தையிடம் போனில் அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, தொட்டதும் ஓடும் இரண்டு வீடியோ அனுப்புவது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது.

மற்ற ஆப்களைப் பற்றி இரண்டே வார்த்தை. டெலிகிராம் 2 ஜிபி வரை கோப்பாக ஏற்கிறது, சந்தா கட்டினால் 4 ஜிபி. ஆனால் அதன் சாதாரண சாட்கள் எண்ட்-டு-எண்ட் முறையில் பூட்டப்படுவதில்லை. சீக்ரெட் சாட் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. டெலிகிராமில் அனுப்புவதானால் இதை மனதில் வைக்க வேண்டும். சிக்னல் ரகசியத்தில் மிகக் கறாரானது, ஆனால் ஒரு கோப்புக்கு 100 எம்பிதான். நமக்கு அது முப்பது துண்டாகிவிடும்.

கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பதும் ஒரு வழிதான். 15 ஜிபி வரை இலவசம், தரமும் குறையாது. ஆனால் அவசரத்தில் "லிங்க் உள்ள எவரும்" என்று வைத்துவிடுவோம். அந்த லிங்க்கை அத்தை சம்பந்தி வீட்டுக் குரூப்பில் போட்டுவிட்டால் கிணற்றடி நிலத்தின் கதையை ஊரே கேட்கும். அத்தையின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் கோப்பு அந்த நிறுவனத்தின் சர்வரில், அவர்களால் திறக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். அதனால்தான் நான் சாட் வழியையே எடுத்துக்கொண்டேன்.

அனுப்பும் நேரம்

ஒன்றரை ஜிபி கோப்பை ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அதே பழைய கணக்குதான். நம் வீட்டு இணைப்பில் இறக்கும் வேகம் அதிகம் இருந்தாலும் ஏற்றும் வேகம் குறைவாக இருக்கலாம். ஏற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் ஒரு துண்டுக்கு 20 நிமிடம் பிடிக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் பேக்கில் இதை அனுப்ப ஆரம்பித்தால் ஒரு துண்டு முடிவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும், பிறகு வேகம் நத்தை ஆகிவிடும். வைஃபையில், சார்ஜரில் போட்டு, ஆப்பைத் திறந்தே வைத்து அனுப்புங்கள். வேறு ஆப்புக்குப் போய்விட்டால் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் ஏற்றுவதை நிறுத்திவிடக்கூடும். ஒரு துண்டு போய் முடிந்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.

அந்தப் பக்கம் அத்தைக்கும் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொன்னேன். ஒன்று, போனில் 4 ஜிபியாவது காலி இடம் வேண்டும். டாக்குமென்ட்டாக வரும் வீடியோ முழுதாக இறங்கிய பிறகுதான் ஓடும். இன்னொன்று, வந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். யாரும் வாங்காத செய்தியை வாட்ஸ்அப் சர்வர் 30 நாள்தான் வைத்திருக்கும். டவுன்லோட் பொத்தானை அழுத்தாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒருநாள் தொட்டால், மறுபடி அனுப்பச் சொல் என்றுதான் பதில் வரும். சாட்டில் மறையும் செய்திகள் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் முதலில் அணைத்துவிடுங்கள்.

"வந்துச்சுடா, ஆனா போட்டோ பக்கத்துல காணோமே!" என்று மறுநாள் அத்தை கேட்டாள். டாக்குமென்ட்டாக வந்தது கேலரியில் தெரியாது. ஆண்ட்ராய்டில் WhatsApp Documents என்ற ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். சாட்டில் அந்தக் கோப்பைத் தொட்டால் எந்தப் பிளேயரில் திறக்க என்று கேட்கும். நிலையாக வைத்துக்கொள்ள, போனின் ஃபைல்ஸ் ஆப்பில் அதை நகலெடுத்து வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு வேளை குரல் மட்டும் கேட்டு படம் கறுப்பாக இருந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். புதிய போன்கள் ஹெச்இவிசி என்ற முறையில் எழுதுகின்றன, பழைய பிளேயர்கள் சிலவற்றுக்கு அது புரியாது. விஎல்சி போட்டால் அநேகமாக ஓடிவிடும்.

அசல்தான் போய்ச் சேர்ந்ததா?

கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட எண்ணால் பார்ப்பது உறுதி. முதல் அடையாளம் பெயர். வீடியோவாக அனுப்பியது ஆண்ட்ராய்டில் போய்ச் சேரும்போது VID-20250115-WA0004.mp4 என்பது போல தேதியும் WA என்ற எழுத்தும் கொண்ட புதுப் பெயரில் இருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பியது patti_00.mp4 என்று நாம் வைத்த பெயரிலேயே இருக்கும்.

இரண்டாவது அடையாளம் எடை. இங்கே ஒரு சிக்கல் பலரைக் குழப்புகிறது. என் போனில் முதல் துண்டு 1.55 ஜிபி என்று காட்டியது. விண்டோஸ் கம்ப்யூட்டர் அதே கோப்பை 1.44 ஜிபி என்றது. நூறு எம்பி எங்கே போயிற்று என்று பதறத் தேவையில்லை. பல போன்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றன, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. கோப்பு ஒன்றுதான், படிதான் வேறு. அதனால் சுருக்க எண்ணை விட்டுவிட்டு, கோப்பின் விவரங்களில் பைட் கணக்கில் வரும் நீண்ட எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால் அசல் போய்விட்டது. இரு பக்கமும் கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். விண்டோஸில் கட்டளைச் சாளரம் திறந்து இப்படித் தட்டினால் 64 எழுத்துள்ள கைரேகை ஒன்று வரும்:

```
certutil -hashfile patti_00.mp4 SHA256
```

இரண்டு இடத்திலும் அது ஒன்றாக வந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை.

அசல் என்பதால் வரும் ஒரு ஆபத்து

இதை அதிகம் பேர் சொல்வதில்லை. கேமராவில் இடம் பதியும் வசதி இயங்கியிருந்தால், வீடியோவை எங்கே எடுத்தோம் என்ற அட்சரேகை தீர்க்கரேகை கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அசலை அப்படியே அனுப்பும்போது அதுவும் கூடவே போகலாம். அத்தைக்குப் பாட்டி வீடு தெரியும், அதனால் கவலை இல்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு, உதாரணமாகப் பழைய வண்டியை விற்க வீடியோ கேட்பவருக்கு, வீட்டு வாசலில் எடுத்த அசலை டாக்குமென்ட்டாக அனுப்பினால் வீட்டின் இடத்தையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடும். ஐபோனில் ஷேர் திரையின் மேலே உள்ள ஆப்ஷன்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டுச் சேமிக்கலாம். கம்ப்யூட்டரில் என்றால், படத்தைத் தொடாமல் குறிப்பை மட்டும் நீக்கிப் புதுக் கோப்பு எடுக்க இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i vandi.mp4 -map_metadata -1 -c copy vandi_anuppa.mp4
```

பூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டு வழியில்தான் காக்கும். இரண்டு போனுக்குள்ளும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தந்தப் போன்தான் காவல். அத்தை எப்போதோ மகனின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்துவிட்டு லாக் அவுட் செய்யாமல் விட்டிருந்தால், வீடியோ அங்கேயும் தெரியும். செட்டிங்ஸில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில் பார்த்து, தெரியாததை நீக்கிவிட வேண்டும். சாட் பேக்கப்பும் அப்படித்தான். நாமாக எண்ட்-டு-எண்ட் பேக்கப்பை இயக்கினால்தான் அது பூட்டப்படும். இந்த வசதி 2021இலேயே வந்துவிட்டது, ஆனால் முதலில் அணைந்தே இருக்கும். இயக்கும்போது கொடுக்கும் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது.

அத்தையின் போனில் பழைய லிங்க் ஒன்று இருந்தது, நீக்கினோம். பைட் எண்ணை அவள் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள், நான் என் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். அப்புறம் அவள் வீடியோவைப் போட்டுக்கொண்டே பேசினாள். "பச்சைச் சேலைல மயில்கண் பார்டர் போட்டிருக்கு பாரு, அது நான் எடுத்துக் குடுத்தது" என்றாள்.